ஷெட்யூல் போட்ட போஸ்ட் வரல, தடையா இல்ல கனெக்‌ஷன் போச்சா: சென்னிமலை பெட்ஷீட் கடை ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னிமலைல பெட்ஷீட், துண்டு, ஜமக்காளம் விக்கற ஒரு குடும்பக் கடை. ரோட்டு மேல ஷோரூம், பின்னாடி நாலஞ்சு தறி. சில்லறை வியாபாரம் மலைக்கு முருகனைக் கும்பிட வர்றவங்களை நம்பி, மொத்த வியாபாரம் ஈரோட்டு ஜவுளிச் சந்தையை நம்பி. சந்தை திங்கட்கிழமை சாயங்காலம் கூடி செவ்வாக்கிழமை வரைக்கும் நடக்கும், கேரளாவுல இருந்து வர்ற வியாபாரிங்க வண்டி ஏறறதுக்கு முன்னாடியே போன்ல புது டிசைனைப் பாத்துட்டு எந்தக் கடைக்குப் போகலாம்னு முடிவு பண்ணிட்டு வருவாங்க, அதனால இந்தக் கடைக்கு வாரத்துல எந்த போஸ்ட் தவறுனாலும் பரவால்ல, திங்கட்கிழமை மத்தியானம் 2 மணி போஸ்ட் மட்டும் தவறக்கூடாது.

கடைக்கு ஃபேஸ்புக்ல ஒரு பேஜ், இன்ஸ்டாவுல ஒரு பிசினஸ் அக்கவுண்ட், ரெண்டும் ஒண்ணா இணைச்சிருந்துச்சு. போஸ்ட் போடறது பெருந்துறைல காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு, பகுதி நேர வேலை. சனிக்கிழமை உக்காந்து வாரம் முழுக்கத் தேவையானதை மெட்டா பிசினஸ் சூட்ல இருக்கற `Planner`ல ரெண்டு இடத்துக்கும் சேத்தே ஷெட்யூல் பண்ணி வெச்சிரும். அந்தப் பொண்ணுக்கு பேஜ்ல போஸ்ட் போடற அளவுக்குத்தான் அனுமதி, ஃபுல் கண்ட்ரோல் கடைக்காரர்கிட்டயும் அவர் பையன்கிட்டயும். ஸ்டோரி போடறது, கமெண்ட்டுக்குப் பதில் சொல்றது எல்லாம் பையன் அவன் போன்ல இருந்து.

நான் ஈரோட்டுல இந்த மாதிரி சில கடைங்களோட பேஜுகளைப் பாத்துக்கறேன், இந்தக் கடை என்னோட வாடிக்கை இல்ல, பிரச்சனை வந்தப்பறம் தெரிஞ்சவங்க மூலமாக் கூப்பிட்டாங்க. ஆடி 18 வர்றதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. ஆடித் தள்ளுபடி போஸ்ட் வரிசையா ஷெட்யூல் ஆகியிருந்த நேரம்.

என்ன நடந்துச்சு

திங்கட்கிழமை 2 மணி போஸ்ட் ஃபேஸ்புக்ல வந்துச்சு, இன்ஸ்டாவுல வரல. யாரும் கவனிக்கல. சாயங்காலம் பாலக்காட்டு வியாபாரி ஒருத்தர் போன் பண்ணி இந்த வாரம் புதுசா ஒண்ணும் இல்லீங்களான்னு கேட்டப்பத்தான் பையன் இன்ஸ்டாவைத் திறந்து பாத்திருக்கான். செவ்வாக்கிழமை போஸ்ட்டும் அதே கதை, ஃபேஸ்புக்ல இருக்கு, இன்ஸ்டாவுல இல்ல. அந்தப் பொண்ணு லேப்டாப்புல `Planner`ஐத் திறந்தா வர்ற நாளுக்குப் போட்டு வெச்ச இன்ஸ்டா போஸ்ட் ஒண்ணையும் காணோம், காலண்டர்ல ஃபேஸ்புக் போஸ்ட் மட்டும் நிக்குது. தேதி மாத்திப் போட்டுட்டமா, 2 மணிக்கு பி.எம்முக்குப் பதிலா ஏ.எம் வெச்சுட்டமான்னு மாசக் காலண்டர் முழுக்க உருட்டிப் பாத்துச்சு, இல்ல.

இங்கதான் கதை தடம் மாறுது. பையனோட சினேகிதன் ஒருத்தன் திருப்பூர்ல, அவன் போன்லயே தீர்ப்பு சொல்லிட்டான், "ஷேடோ பேன்டா இது, எனக்கும் இப்படித்தான் ஆச்சு". பையன் அதை அப்படியே நம்புனதுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் கடையோட இன்பாக்ஸுக்கு சப்போர்ட் டீம்னு பேர் வெச்ச ஒரு அக்கவுண்ட்ல இருந்து, உங்க பேஜ் காப்பிரைட் மீறிடுச்சு, 24 மணி நேரத்துல முடக்கிருவோம், மேல்முறையீடு பண்ண இந்த லிங்க்கை அமுத்துங்கன்னு மெசேஜ் வந்திருந்துச்சு. ஆக ஞாயிறு மிரட்டல், திங்கள் போஸ்ட் காணோம், ரெண்டையும் சேத்து வெச்சா யாருக்கும் தடைன்னுதான் தோணும்.

அப்பறம் செவ்வாக்கிழமை ராத்திரி பையன் கையால அதே படத்தைப் போட்டான், போஸ்ட் வந்துச்சு, ஆனா லைக் கம்மியா இருக்குன்னு அழிச்சுட்டு மறுபடி போட்டான், மறுபடி அழிச்சான், ஹேஷ்டேக் மாத்திப் போட்டான். கூடவே விலை கேட்டவங்க எல்லாத்துக்கும் ஒரே வரியைக் காப்பி பண்ணி கமெண்ட்டா ஒட்டிக்கிட்டே போனான், கொஞ்ச நேரத்துல இன்ஸ்டா `Try Again Later`னு ஒரு பெட்டியைக் காட்டி கமெண்ட் போடறதை நிறுத்திருச்சு. அதைப் பாத்ததும் வீட்டுல எல்லாருக்கும் உறுதியாயிருச்சு. புது அக்கவுண்ட் தொடங்கிரலாம், பழசை விட்டுரலாம்னு பேச்சு வந்தப்பத்தான் என்னைக் கூப்பிட்டாங்க.

முதல் முடிவு: யாரும் எதையும் தொட வேண்டாம்

கடைக்குப் போனதும் நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு, இன்னைக்கு யாரும் போஸ்ட் போட வேண்டாம், அழிக்க வேண்டாம், புது அக்கவுண்ட் வேண்டாம், அந்த மெசேஜ்ல இருக்கற லிங்க்கைத் தொடவே வேண்டாம். கடைக்காரருக்குக் கோவம், "ஏனுங் தம்பி, ஆடி பதினெட்டு வந்துருச்சு, சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களே"ன்னாரு. நியாயமான கோவம்தான். ஆனா போட்டு அழிச்சு போட்டு அழிச்சு இருந்தா எந்த போஸ்ட் எதனால வரல, எது தானாப் போச்சு, எதை நாமளே எடுத்தோம்னு பின்னாடி பிரிக்கவே முடியாது. இன்னொண்ணு, குறைஞ்ச நேரத்துல ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பண்றதே வேகக் கட்டுப்பாட்டைக் கொண்டு வர்ற விஷயம், கமெண்ட்ல அதுதான் நடந்திருக்கு.

அதுக்கு அப்பறம் ஒரு நோட்டுல நாள், மணி, எந்த இடம், யார் போட்டது, வந்துச்சா இல்லையான்னு எழுதச் சொன்னேன். எழுதி முடிக்கும்போதே பாதி பதில் வந்துருச்சு. ஞாயிறு காலை வரைக்கும் ரெண்டு இடத்துலயும் எல்லாம் சரி. திங்கள்ல இருந்து இன்ஸ்டாவுக்கு ஷெட்யூல் ஆனது ஒண்ணுகூட வரல, ஃபேஸ்புக்குக்கு ஷெட்யூல் ஆனது ஒண்ணுகூடத் தவறல. கையால இன்ஸ்டாவுல போட்டது அத்தனையும் வந்திருக்கு.

இந்த மாதிரி நேரத்துல எது தவறுச்சுங்கறதை விட எந்தெந்தது சேர்ந்து தவறுச்சுங்கறதைத்தான் நான் முதல்ல பாப்பேன். ஒரே ஒரு போஸ்ட் மட்டும் வராம மத்ததெல்லாம் வந்தா கோளாறு அந்த போஸ்ட்டுல, படத்தோட நீள அகலம் ஒத்து வரல, வீடியோ ஃபைல் சரியில்ல, இந்த மாதிரி. ஒரு நேரத்துக்கு அப்பறம் ஒரே இடத்துக்குப் போக வேண்டியது அத்தனையும் நின்னா கோளாறு அந்த இடத்துக்குப் போற கனெக்‌ஷன்லயோ அனுமதியிலயோ. ஒருத்தர் போட்டது மட்டும் வராம இன்னொருத்தர் போட்டது வந்தா அந்த ஆளோட ப்ரொஃபைலையோ அவருக்குக் குடுத்த அனுமதியையோ பாக்கணும். கடையோட நோட்டு ரெண்டாவது வகைல சுத்தமா உக்காந்துச்சு.

தடை இருக்கான்னு பாத்த விதம்

அதுக்காகத் தடையே இல்லன்னு உடனே சொல்லிட முடியாது, கமெண்ட்ல ஒண்ணு நிஜமாவே விழுந்திருக்கு. அதனால ஒவ்வொண்ணாப் பாத்தோம்.

முதல்ல ஷேடோ பேன் பேச்சு. ஜனங்க இதைச் சொல்றது போஸ்ட் அடுத்தவங்களுக்குப் போய்ச் சேராததை. ரீச் குறையும், எக்ஸ்ப்ளோர்ல வராது, ஹேஷ்டேக்ல தேடுனா கிடைக்காது. ஆனா போஸ்ட் நம்ம ப்ரொஃபைல்ல இருக்கும். இங்க திங்கட்கிழமை போஸ்ட் ப்ரொஃபைல்லயே இல்ல, அது வெளியாகவே இல்ல. வெளியாகாத போஸ்ட்டோட ரீச் எப்படிங்க குறையும்? இந்த ஒரு வரியைப் பையனுக்குப் புரிய வைக்கத்தான் எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு, ஏன்னா அவன் லைக் எண்ணிக்கையைத் தடைக்கு ஆதாரமாப் பாத்துட்டு இருந்தான், அழிச்சு அழிச்சுப் போட்ட போஸ்ட்டுக்கு லைக் வராதது தனிக் கதை.

ரெண்டாவது இன்ஸ்டால `Account status`. ப்ரொஃபைல்ல மேல இருக்கற மூணு கோட்டை அமுத்தி செட்டிங்ஸ்ல கீழ போனா இருக்கும். அதுக்குள்ள நீக்கப்பட்ட போஸ்ட் எதாவது உண்டா, பரிந்துரைல காட்ட முடியாதுன்னு எதையாவது வெச்சிருக்காங்களா, `Features you can't use`ல எதாவது இருக்கான்னு தனித்தனியாப் பாக்கலாம். எல்லாமே பச்சை டிக். கமெண்ட் கட்டுப்பாடு கூட அங்க இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, வேகமாப் பண்ணதுக்காக வர்ற சின்னக் கட்டுப்பாடு எல்லா நேரமும் இந்தப் பக்கத்துல பதிவாகும்னு இல்ல, அதனால இங்க பச்சையா இருக்கறதால எந்தக் கட்டுப்பாடுமே இல்லன்னு அர்த்தம் எடுத்துக்கக் கூடாது. ஆனா அந்த வகைக் கட்டுப்பாடு நாம அந்த வேலையைச் செய்யற நொடியிலயே முகத்துக்கு நேரா சொல்லும், ஷெட்யூல் ஆன போஸ்ட்டை ரெண்டு நாளாச் சத்தமில்லாம முழுங்காது.

மூணாவது ஃபேஸ்புக் பக்கம். பேஜோட `Page status`, அப்பறம் பிசினஸ் சப்போர்ட் ஹோம்ல பேஜ், விளம்பர அக்கவுண்ட், இன்ஸ்டா அக்கவுண்ட் ஒவ்வொண்ணோட நிலைமை. எங்கயும் ஒண்ணும் இல்ல. இதை எதுக்குத் தனித்தனியாப் பாக்கணும்னா தடை விழறது எப்பவும் கடையோட அக்கவுண்ட் மேலதான்னு இல்ல. ஆளோட சொந்த ப்ரொஃபைல் மேல விழலாம், அப்ப அவர் மட்டும் பேஜ்ல போட முடியாம இன்னொரு அட்மின் போட முடியும். விளம்பர அக்கவுண்ட் மேல மட்டும் விழலாம், அப்ப விளம்பரம் ஓடாது, சாதா போஸ்ட் ஓடும். அதனால ஒருத்தர் கையால போட்டுப் பாத்து வந்துச்சுங்கறது அந்த ஆளுக்கும் அந்த அக்கவுண்ட்டுக்கும் அந்த மாதிரி போஸ்ட்டுக்கும் தடை இல்லன்னு மட்டும்தான் காட்டுது.

நாலாவது அந்த ஞாயித்துக்கிழமை மிரட்டல். இன்ஸ்டா நிஜமா மெயில் அனுப்பியிருந்தா அக்கவுண்ட்ஸ் சென்டர்ல பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டிக்குள்ள `Recent emails`ல அதோட பதிவு இருக்கும். அங்க ஞாயித்துக்கிழமை எந்த எச்சரிக்கையும் இல்ல. சேதி வந்தது ஒரு சாதாரண அக்கவுண்ட்ல இருந்து சாதாரண இன்பாக்ஸுக்கு. நிஜ விதிமீறல் நோட்டீஸ் ஆப்புக்குள்ள நோட்டிஃபிகேஷனா, `Account status`ல வரியா நிக்கும், முன்பின் தெரியாத ஒருத்தர் சாட்டுல வந்து லிங்க் குடுக்க மாட்டாங்க. ஆக அது பாஸ்வேர்ட் புடுங்கற வேலை, தடைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஆனா போஸ்ட் நின்னதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருந்துச்சு.

காரணம் கிடைச்ச இடம்

நோட்டைப் பாத்துட்டே பையன்கிட்டக் கேட்டேன், அந்த மெசேஜ் வந்தப்பறம் ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுன தம்பின்னு. "லிங்க்கை அமுத்தலீங்ணா, பயந்துட்டு இன்ஸ்டா பாஸ்வேர்டை மட்டும் மாத்துனேன், எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் குடுத்துட்டேன்"னான். நல்ல காரியம்தான் பண்ணியிருக்கான், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா அதோட விளைவு ஒண்ணு இருக்கு.

பிசினஸ் சூட் இன்ஸ்டாவுல போஸ்ட் போடறப்ப நாம லாகின் பண்ணி உக்காந்து போடறது இல்ல, முன்னாடி ஒரு நாள் இணைச்சப்ப நாம குடுத்த ஒப்புதலை வெச்சுக்கிட்டு நம்ம சார்புல அது போடுது. அந்த ஒப்புதல் ஒரு சாவி மாதிரி, பூட்டை மாத்துனா பழைய சாவி செல்லாது. பாஸ்வேர்ட் மாத்தறது, எல்லா இடத்துலயும் லாக் அவுட் பண்றது, பேஜோட இணைச்ச அக்கவுண்ட்டை எடுக்கறது, ஒப்புதல் குடுத்தவரோட அட்மின் பொறுப்பை நீக்கறது, இதுல எதைப் பண்ணுனாலும் அந்த ஒப்புதல் போயிரலாம். போன்ல ஆப் வழியா கையால போடறதுக்கு இது தேவையில்ல, புது பாஸ்வேர்டோட பையன் லாகின் ஆகியிருக்கான், அதனால கையால போட்டது எல்லாம் வந்துச்சு. ஃபேஸ்புக் பேஜுக்கு இன்ஸ்டா பாஸ்வேர்டோட வேலையே இல்ல, அதனால அங்க எதுவும் தவறல. நோட்டுல எழுதுன மூணும் இந்த ஒரே காரணத்துல பொருந்துச்சு.

அப்ப அந்தப் பொண்ணுக்கு ஏன் எச்சரிக்கை வரல? கடைக்காரரோட லாகின்ல பிசினஸ் சூட்டைத் திறந்து செட்டிங்ஸ்ல இணைச்ச அக்கவுண்ட் பக்கத்துக்குப் போனோம், இன்ஸ்டா பேருக்குப் பக்கத்துல மறுபடி இணைக்கச் சொல்லி ஒரு குறிப்பு. பொண்ணோட லேப்டாப்ல அதே பக்கம் இந்தக் குறிப்போட வரவே இல்ல, அங்க இன்ஸ்டா அக்கவுண்ட்டே பட்டியல்ல இல்ல, அதனாலதான் காலண்டர்ல அதோட போஸ்ட்டுகளும் தெரியல. அந்தப் பொண்ணு பாத்தது போஸ்ட் அழிஞ்சுதுங்கறது இல்ல, போஸ்ட் எந்த அக்கவுண்ட்டுக்குப் போட்டதோ அந்த அக்கவுண்ட் அவங்க பார்வைல இருந்து விலகிருச்சுங்கறது. காணாமப் போச்சுன்னு யாராவது சொன்னா நான் இப்பெல்லாம் கேக்கற முதல் கேள்வி, யாரோட லாகின்ல பாத்தீங்க, மேல எந்த அக்கவுண்ட் தேர்வாகி இருந்துச்சுங்கறதுதான்.

வெளி ஆளுங்க செஞ்ச ஷெட்யூலிங் டூல் வெச்சிருக்கறவங்களுக்கு இந்த இடம் இன்னும் சுலபம், ஏன்னா அதுல சிலது தவறுன போஸ்ட்டோட எரர் நம்பரைக் காட்டும். 190னு வந்தா ஒப்புதல் செல்லாமப் போச்சு, திரும்ப இணைக்கணும். 368னு வந்தா விதிமீறல் காரணமாத் தற்காலிகத் தடை, அப்ப இணைச்சுப் பிரயோஜனம் இல்ல. 506னா ஒரே போஸ்ட்டை ரெண்டு தடவை போடப் பாத்தது. பிசினஸ் சூட்ல இந்த நம்பர் கண்ணுக்குத் தெரியாததால நாங்க சுத்தி வளைச்சுக் கண்டுபிடிக்க வேண்டியதாப் போச்சு.

சரி பண்ணுன விதம்

திரும்ப இணைக்கறதைக் கடைக்காரர் லாகின்ல இருந்தே பண்ணுனோம். பொண்ணோட லாகின்ல இருந்து பண்ணலாமான்னு கேட்டாங்க, வேண்டாம்னேன், பகுதி அனுமதி இருக்கறவங்க கைல இணைப்பு வெச்சா நாளைக்கு அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போறப்ப மறுபடி இதே பாடு. இணைக்கறப்ப இன்ஸ்டா பாஸ்வேர்ட் கேக்கும், புதுசைப் போட்டோம், அனுமதிப் பெட்டி வர்றப்ப எல்லா டிக்கையும் இருக்கற மாதிரியே விட்டோம், அங்க ஒண்ணை எடுத்துட்டா இணைஞ்ச மாதிரி காட்டும் ஆனா போஸ்ட் போகாது.

உடனே ஆடி போஸ்ட்டை எல்லாம் திரும்ப ஷெட்யூல் பண்ண விடல. ஒரே ஒரு படம், ஒரு துண்டுக் கட்டு, ரெண்டு வரி எழுத்து, அரை மணி நேரத்துக்கு அப்பறம் ரெண்டு இடத்துலயும் வர்ற மாதிரி வெச்சோம். காப்பி குடிச்சுட்டு வந்து பாத்தா ரெண்டுலயும் வந்திருந்துச்சு. பாக்கறப்ப பையன் போன்ல பாக்கல, கடையை ஃபாலோ பண்ணாத எதிர்த்த வீட்டுக்காரர் போன்ல பாத்தோம், ஏன்னா நம்ம போன்ல நம்ம போஸ்ட் தெரியறது எப்பவும் முழு உண்மை இல்ல.

பொண்ணோட லேப்டாப்லயும் இன்ஸ்டா திரும்பி வந்துச்சு, வர்ற நாளுக்குப் போட்ட போஸ்ட்டுகளும் காலண்டர்ல மறுபடி தெரிஞ்சுது. ஆனா திங்களும் செவ்வாயும் தவறுனது ஃபெயில் ஆனதாவே நின்னுச்சு, இணைச்சதும் தானாப் போய் வெளியாகல. எல்லாருக்கும் ஷெட்யூல் ஆனது இப்படித் திரும்பி வரும்னு எண்ண வேண்டாம். திரும்பி வந்ததையும் நாங்க ஒவ்வொண்ணாத் திறந்து படம் இருக்கா, நேரம் சரியா, ரெண்டு இடமும் டிக் ஆகியிருக்கான்னு பாத்துட்டுத்தான் விட்டோம். இங்க பயம் என்னன்னா, வரலன்னு நினைச்சு இன்னொரு தடவை ஷெட்யூல் பண்ணி, பழசும் வந்து ஒரே தள்ளுபடி போஸ்ட் ரெண்டு தடவை வர்றது.

கமெண்ட் கட்டுப்பாட்டுக்கு ஒண்ணுமே பண்ணல. பையனைப் பதில் போடறதை நிறுத்தச் சொன்னோம், விலை கேக்கறவங்களுக்கு வாட்ஸாப் நம்பரை பயோவுல போட்டோம், அடுத்த நாளே கமெண்ட் போக ஆரம்பிச்சுருச்சு. மேல்முறையீடு எதுக்கும் போகல, ஏன்னா மேல்முறையீடு பண்ண ஒரு முடிவு இருக்கணும், எந்தப் பக்கத்துலயும் அப்படி ஒரு முடிவே பதிவாகல.

நிஜத் தடை வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்

ஒப்பிட்டுப் பாக்க எனக்குத் தெரிஞ்ச இன்னொரு கடை, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி சர்ட் விக்கறவங்க. அவங்களும் முதல்ல சொன்னது ஷெட்யூல் போட்டது காணோம்ங்கறதுதான். ஆனா நோட்டுல எழுதச் சொன்னா வரிசையே வேற. ஷெட்யூல் ஆன போஸ்ட் சரியான நேரத்துக்கு வெளியாகியிருக்கு, சில மணி நேரம் இருந்து லைக்கும் வாங்கியிருக்கு, அப்பறம் காணோம். காணாமப் போனது எல்லாமே ஒரே மாதிரி, நெஞ்சுல பெரிய கம்பெனி லோகோ தெரியற படங்க, லோகோ இல்லாத சட்டைப் படம் ஒண்ணுகூடப் போகல. ஒவ்வொண்ணுக்கும் நோட்டிஃபிகேஷன் வந்திருக்கு, டிரேட்மார்க் புகார்னு காரணத்தோட, யாரும் படிக்காம தள்ளி விட்டிருக்காங்க. `Account status`ல நீக்கப்பட்டது எல்லாம் படத்தோட வரிசையா நின்னுச்சு. கொஞ்ச நாள்ல கையால போடறதுக்கும் முடியாமப் போச்சு, எந்தத் தேதி வரைக்கும்னு அதுலயே எழுதியிருந்துச்சு.

அங்க கனெக்‌ஷனைப் பத்து தடவை இணைச்சாலும் ஒண்ணும் நடந்திருக்காது. ஷெட்யூலரால போஸ்ட் வராமப் போனா அது வெளியாகவே செய்யாது, ஆனா கையால போட்டா வரும், காரணம் சொல்லி எந்த நோட்டீஸும் இருக்காது. நிஜத் தடைல ஒண்ணு போஸ்ட் வெளியாகி அப்பறம் எடுபடும், இல்லன்னா கையால போடறதையும் மறுக்கும், ரெண்டுலயும் எங்கயாவது ஒரு பதிவு நிக்கும்.

இதுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. சில நேரம் எல்லாருக்குமே அந்த சர்வீஸ் பக்கம் கோளாறு இருக்கும், அப்ப ஷெட்யூல் பண்ணது தவறும், கையால போட்டதும் சுத்திட்டே நிக்கும், `Account status` பச்சையா இருக்கும். அப்ப நான் பாக்கறது சம்பந்தமே இல்லாத இன்னொரு கடையோட அக்கவுண்ட்ல அதே நேரத்துல அதே மாதிரி ஆகுதாங்கறதை. அங்கயும் ஆனா பொறுத்திருக்கறதைத் தவிர நம்ம பக்கம் வேலை இல்ல, அந்த நேரத்துல பாஸ்வேர்ட் மாத்தறது, இணைப்பை எடுத்துப் போடறது எல்லாம் இருக்கற ஒரு சிக்கலை ரெண்டாக்கும்.

அப்பறம் என்ன ஆச்சு

ஆடி 18 போஸ்ட் ரெண்டு இடத்துலயும் நேரத்துக்கு வந்துச்சு. அடுத்த திங்கட்கிழமை 2 மணிக்குப் பையன், பொண்ணு, கடைக்காரர் மூணு பேரும் போனை வெச்சுட்டு உக்காந்திருந்ததாக் கேள்விப்பட்டேன், வந்துருச்சு. தவறுன திங்கட்கிழமைக்கு எவ்வளவு வியாபாரம் போச்சுன்னு கணக்கு எடுக்க வழியில்ல, பாலக்காட்டு வியாபாரிக்கு மட்டும் டிசைன் படத்தை வாட்ஸாப்ல அனுப்பி அவர் எப்பவும் எடுக்கறதை எடுத்துட்டாரு. பையன் அழிச்சு அழிச்சுப் போட்ட போஸ்ட்டுகளோட கீழ இருந்த கமெண்ட்டுகள், அதுல விலை கேட்டவங்க பேரு, அதெல்லாம் போஸ்ட்டோட சேர்ந்து போச்சு. கனெக்‌ஷன் போனதால வந்த நஷ்டத்தை விட அதுதான் பெரிய நஷ்டம்னு எனக்குப் படுது.

இனி மாத்திக்கிட்டது

பாஸ்வேர்ட் மாத்தற அன்னைக்கே பிசினஸ் சூட்ல இணைப்பைப் பாத்து ஒரு சோதனை போஸ்ட் ஷெட்யூல் பண்றதுன்னு வெச்சிருக்காங்க. பாஸ்வேர்டைச் சந்தைக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமை மாத்தறதில்ல, மாத்தியே ஆகணும்னா, அதாவது யாராவது உள்ள நுழைஞ்ச மாதிரி சந்தேகம் இருந்தா, மாத்திட்டு அந்தத் திங்கட்கிழமை போஸ்ட்டைக் கையால போட்டுடறது.

படமும் எழுத்தும் இப்ப `Planner`ல மட்டும் இல்ல. பொண்ணு ஒரு ஷீட்ல தேதி, நேரம், எழுத்து, படத்தோட ஃபைல் பேர் எல்லாம் எழுதி வெச்சிருது, படங்க ஒரு ஃபோல்டர்ல. கடைக்காரருக்கு இது ரெட்டை வேலையாத் தெரிஞ்சுது, ஆனா அன்னைக்குக் காலண்டர்ல காணாமப் போன போஸ்ட்டுகள் திரும்பி வராமப் போயிருந்தா ஆடி வாரத்து எழுத்து முழுக்க மறுபடி யோசிச்சு எழுதியிருக்கணும்.

இன்ஸ்டா ஆப்புக்குள்ளயே ஷெட்யூல் பண்ணிரலாமேன்னு பையன் கேட்டான். பண்ணலாம், 75 நாள் வரைக்கும், ஒரு நாளைக்கு 25 வரைக்கும் அதுலயே வெக்கலாம், பேஜோட இணைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்ல. ஆனா அதுல வெச்சதைப் பாக்க ஆப்புக்குள்ள ஷெட்யூல் ஆன கண்டென்ட்னு இருக்கற தனி இடத்துக்குப் போகணும், பொண்ணு லேப்டாப்புல வேலை பாக்குது, ரெண்டு பேர் ரெண்டு இடத்துல வெச்சா எது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதனால திங்கட்கிழமை 2 மணி போஸ்ட் மட்டும் பையன் ஆப்புல, மத்ததெல்லாம் பொண்ணு `Planner`லன்னு பிரிச்சு ஷீட்லயும் எழுதி வெச்சாச்சு. 2:10க்கு ஃபாலோ பண்ணாத ஒரு போன்ல போஸ்ட் வந்துச்சான்னு பாத்து ஷீட்ல டிக் போடறது கடைக்காரரோட வேலை, வரலன்னா அவர் பையனைக் கூப்பிடுவாரு, பையன் ஒரே ஒரு தடவை கையால போடுவான்.